பொங்கல் லீவு நோட்டீஸை ஞாயிறு மாலையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

கேள்வி: "எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் நான். பொங்கலுக்கு நாலு நாள் தண்ணீர் விடுகிற நேரமும் குப்பை எடுக்கிற நேரமும் மாறுகிறது. தீபாவளிக்கு நான் போட்ட நோட்டீஸை யாரும் மதிக்கவில்லை, சண்டைதான் மிச்சம். இந்த முறை எப்படி எழுதுவது?"

தீபாவளி நோட்டீஸில் தமிழ் சரியில்லை என்பதால் சண்டை வந்திருக்காது. "காலை 5 முதல் 8 வரை தண்ணீர் வரும், 7.30க்குக் குப்பை வண்டி வரும்" என்று இரண்டையும் ஒரே குரலில் எழுதியிருப்பீர்கள். முதலாவது உங்கள் வாட்ச்மேன் வால்வைத் திறந்தால் நடப்பது. இரண்டாவது மாநகராட்சி வண்டி ஓட்டுகிறவர் வந்தால் நடப்பது. அவர் பத்து மணிக்கு வந்தார் என்றால், அன்றிலிருந்து நீங்கள் தண்ணீர் பற்றி எழுதியதையும் யாரும் நம்ப மாட்டார்கள். தென்சென்னைப் புறநகரில் 48 வீடு உள்ள ஒரு கட்டிடத்தில் பதினோரு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன், நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். 2026 பொங்கலையே எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 14 புதன் போகி, 15 வியாழன் பொங்கல், 16 வெள்ளி மாட்டுப் பொங்கல், 17 சனி காணும் பொங்கல், 18 ஞாயிறு. எங்கள் சம்ப் ஐந்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், நிரம்பினால் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதாவது 40,000 லிட்டர். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 200 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிவிசி பைப்பில் பத்து பத்து சென்டிமீட்டருக்குப் பெயிண்டால் கோடு போட்டு சம்ப் மூடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எங்கள் கட்டிடத்தில் அதற்குக் "கோல்" என்றே பெயர். அடியில் பதினைந்து சென்டிமீட்டர் சேறும் மணலும், அதில் கை வைத்தால் மோட்டார் கலங்கலைத்தான் ஏற்றும், அந்த 3,000 லிட்டரை விட்டுவிடுங்கள். மீதி 37,000. மாடித் தொட்டி 20,000. ஆக இரண்டும் நிரம்பியிருந்தால் கையிருப்பு 57,000 லிட்டர்.

வரவு என்று பார்த்தால் மெட்ரோ வாட்டர் லைனில் நாளைக்கு 6,000 போல வரும், போர்வெல் 4,000 கொடுக்கும். சாதாரண நாளில் செலவு 22,000, அதனால் தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்று வாங்குகிறோம். பொங்கலுக்கு லாரி டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வியாழனிலிருந்து ஞாயிறு வரை லாரியே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

செலவு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது, நோட்டீஸ் எழுதுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். போகி அன்று வீடு கழுவுவார்கள், திரைச்சீலை துவைப்பார்கள், எங்களுக்கு 28,000 வரை போகும். அன்று லாரி கிடைக்கும் என்பதால் இரண்டு லாரி வாங்கிச் சமாளித்து, இரவு பத்து மணிக்கு சம்ப்பும் மாடித் தொட்டியும் நிரம்பியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். பொங்கல் அன்று 26,000. அதற்குள் பாதிக் குடும்பம் ஊருக்குக் கிளம்பியிருக்கும், வெள்ளியும் சனியும் 15,000 தாண்டாது. ஞாயிறு மதியத்துக்கு மேல் எல்லோரும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கி, குளித்து, நாலு நாள் அழுக்குத் துணியை மெஷினில் போடுவார்கள், அன்று 24,000.

லைன் தண்ணீர் ஒழுங்காக வந்தால் வியாழன் இரவு கையில் 41,000, வெள்ளி இரவு 36,000, சனி இரவு 31,000, ஞாயிறு இரவு 17,000 இருக்கும். கவலையில்லை. லைன் நாலு நாளும் வரவில்லை, போர்வெல் மட்டும்தான் என்று வைத்துப் பாருங்கள். வியாழன் இரவு 35,000, வெள்ளி 24,000, சனி 13,000, ஞாயிறு இரவு 7,000 லிட்டர் பற்றாக்குறை. பொங்கல் காலையில் தண்ணீர் நின்றுவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், கமிட்டியில் பேச்சும் அதைப் பற்றியே ஓடும். அன்று ஒன்றும் ஆகாது. தொட்டி காலியாவது ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, பெட்டியோடு வந்து இறங்கியவர் ஷவரைத் திறக்கிற நேரத்தில். அதனால் நேரப் பட்டியலை ஞாயிறு மாலையில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள்.

எப்போது லாரிக்குச் சொல்வது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வெள்ளி இரவு பத்து மணிக்கு மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு சம்ப்பில் கோலை விடுங்கள். லைன் வந்துகொண்டிருந்தால் 95 சென்டிமீட்டர் காட்டும். வராமலே இருந்தால் 35. சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கும் போர்வெல்லை மட்டும் நம்பி ஓட்ட 31,000 வேண்டும். மாடியில் 20,000 போக சம்ப்பில் எடுக்கக்கூடியது 11,000, சேற்றுக்கான 3,000 சேர்த்தால் 14,000, அது 70 சென்டிமீட்டர். எழுபதுக்குக் கீழே இருந்தால் சனிக்கிழமை ஒரு லாரி. லாரிக்காரரிடம் முந்தின வாரமே, "சனிக்கிழமை ஒரு நடை எனக்காக வைத்திருங்கள், வேண்டாம் என்றால் வெள்ளி இரவே சொல்லிவிடுகிறேன்" என்று பேசி வைத்துவிட வேண்டும். பண்டிகை நாளில் விலை கூடுதலாகக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். இந்த எண்கள் எல்லாம் எங்கள் கட்டிடத்துக்கு. உங்கள் சம்ப்பின் நீள அகலத்தை அளந்து, ஒரு வாரம் காலையும் இரவும் கோல் விட்டுக் குறித்தால் உங்கள் எண்கள் கிடைத்துவிடும். ஆளுக்கு 135 லிட்டர் என்று அரசு வைத்திருக்கும் அளவைக் கொண்டு போடுகிற கணக்கு தொடக்கத்துக்கு உதவும், பண்டிகை நாளுக்கு உதவாது.

நேரத்தைக் குறைத்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓரளவுக்குத்தான் அது உண்மை. வழக்கமாகக் காலை நாலு மணி நேரம், மாலை நாலு மணி நேரம் என்று விடுகிற இடத்தில் திடீரென்று இரண்டு மணி நேரம் ஆக்கினால், ஒவ்வொரு வீட்டிலும் டிரம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பும். மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையது சாக்கடைக்குப் போகும். ஒரு வருடம் மாட்டுப் பொங்கலுக்கு நேரத்தைப் பாதியாக்கினேன், கோல் காட்டிய செலவு முந்தின வருடத்தைவிடக் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அதிலிருந்து வெள்ளி, சனிக்குச் சின்னக் குறைப்பு மட்டும்தான், காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 8. பொங்கல் அன்று அதிகாலை 4 மணிக்கே திறந்துவிடுவேன், ஞாயிறு மாலை 4 முதல் 10 வரை விடுவேன்.

நேரம் மாறும்போது வருகிற இன்னொரு தொல்லையை உங்கள் நோட்டீஸில் கட்டாயம் எழுதுங்கள். ஒரு பொங்கலுக்கு மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் புதன் இரவு பதினொன்றுக்கு ஊருக்குக் கிளம்பியது. கை கழுவக் குழாயைத் திறந்திருக்கிறார்கள், வால்வு மூடிய நேரம், தண்ணீர் வரவில்லை. திறந்தது திறந்தபடியே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வியாழன் அதிகாலை நாலு மணிக்கு வாட்ச்மேன் வால்வைத் திறந்தார். வாஷ்பேசினில் ஏதோ துணி அடைத்திருந்தது. ஏழரை மணிக்குக் கோலம் போட இறங்கி வந்த கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் தண்ணீர் வழிவதைப் பார்த்துச் சத்தம் போட்டார், பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் துடைப்பத்தோடு நின்றோம். ஒரு குழாய் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் விடும், மூன்றரை மணி நேரத்துக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல். அன்றிலிருந்து "ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டு வால்வை மூடிவிட்டுப் போங்கள்" என்ற வரி எங்கள் நோட்டீஸில் முதல் வரியாக இருக்கிறது. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது, எங்கள் கட்டிடத்தில் மாடிப்படி பக்கத்து டக்ட் கதவுக்குள் வீட்டு எண் எழுதி இருக்கும், அதையும் சேர்த்து எழுதுகிறேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நேரில் போய்க் காட்டிவிடுவது நல்லது.

அப்புறம் குப்பை. இதில் மாநகராட்சி வண்டி நம் கையில் இல்லை, நம் கட்டிடத்துக் கூட்டிப் பெருக்குகிற ஆட்களின் லீவு நம் கையில் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் எது வெளியே வர வேண்டும் என்பதும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது. பேட்டரி வண்டி சாதாரண நாளில் எங்களுக்கு ஏழரைக்கு வரும். பண்டிகை நாளில் ஆள் குறைவு, ஒரே வண்டி இரண்டு தெருவைப் பார்க்கும், ஒன்பதரை பத்து ஆகும், பொங்கல் அன்று வராமலும் போகலாம். வண்டிக்காரரிடம் கேட்டால் "வந்துடுவோம் சார்" என்பார், மனம் நோகக் கூடாது என்று சொல்வது அது. வார்டு மேற்பார்வையாளரிடம் திங்கள்கிழமை பேசுங்கள், அவரிடம் எந்த நாளுக்கு எத்தனை ஆள் என்ற பட்டியல் இருக்கும். அவர் சொன்னதையும் "எதிர்பார்க்கும் நேரம்" என்றே எழுதுங்கள்.

வண்டி ஒரு நாள் வராவிட்டால் நாறுவது ஈரக் குப்பை மட்டும்தான். எங்களிடம் 120 லிட்டர் பச்சைத் தொட்டி நாலு இருக்கிறது, வழக்கமாக இரண்டரைதான் நிரம்பும். பொங்கல் அன்று அதை அடைப்பது சோறும் காய்கறித் தோலும் இல்லை, கரும்புத் தோகை. நீளமாக அப்படியே செருகிவிட்டால் ஒரு வீட்டுத் தோகையே தொட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும், மூடி மூடாது, இரவு நாயும் காலையில் காக்கையும் வேலையைத் தொடங்கிவிடும். தோகையைத் தொட்டியில் போடாமல் தோகையாலேயே கட்டி சுவரோரம் சாய்த்து வையுங்கள் என்று எழுதுகிறோம். மாட்டுப் பொங்கல் காலையில் பக்கத்துத் தெருப் பால்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார், மாட்டுக்கு நல்ல தீனி. உங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர் யாரும் இல்லை என்றால் ஒரு முழ நீளத்துக்கு நறுக்கிப் போடச் சொல்லுங்கள். தின்று துப்பிய சக்கை முதல் நாள் நாற்றம் எடுக்காது, இரண்டாம் நாள் புளித்து எறும்பு மொய்க்கும், அதனால் அதை ஈரக் குப்பையோடேயே போட்டுவிட வேண்டும்.

உலர்ந்த குப்பை, அதாவது அட்டைப் பெட்டி, பால் கவர், பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் நாலு நாள் வீட்டிலேயே இருக்கலாம், பால் கவரைக் கழுவி வைத்தால் போதும். அதைக் கேட்டுக்கொண்டாலே தொட்டியடி பாதி காலியாக இருக்கும். டயப்பர், நாப்கின் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதைக் காகிதத்தில் தனியாகச் சுற்றி அன்றன்றைக்கு இறக்கத்தான் வேண்டும், கைக்குழந்தை உள்ள வீட்டில் "நாலு நாள் வைத்திருங்கள்" என்று சொன்னால் சண்டைக்குத்தான் வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

போகிக்குப் பழைய பாய், தலையணை, துணி, உடைந்த நாற்காலி எல்லாம் வெளியே வரும். சமீப வருடங்களில் சென்னை மாநகராட்சி போகிக்கு முந்தின நாட்களில் பழைய துணி, டயர் மாதிரியான பொருள்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறது, தெருவில் எரிக்காமல் இருப்பதற்காக. 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும் வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டதும் நினைவிருக்கும். எங்கள் வழக்கம், போகிக்கு இரண்டு நாள் முன்பு, இந்த முறை 12 திங்கள் மாலை ஆறு மணிக்குள், அவற்றைக் கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் சேர்ப்பது. போகி அன்று காலையில் கொண்டுவந்தால் வாங்குவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன், ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் ஒரு மெத்தை மூன்று வாரம் அந்த மூலையிலேயே கிடக்கும்.

இனி வாசகம். "விடுமுறை நாட்களில்" என்று எழுதாதீர்கள், போகி அரசு விடுமுறை இல்லை, வெள்ளிக்கிழமை ஆபீஸ் போகிற தனியார் நிறுவன ஆட்களும் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள். "காணும் பொங்கல்" என்றும் "உழவர் திருநாள்" என்றும் எழுதினால் இரண்டு வேறு நாள் என்று நினைப்பவர்கள் உண்டு. "நாளை" என்ற சொல் சுவரில் ஒட்டுகிற தாளில் வரவே கூடாது, ஒட்டிய மறுநாளே அது பொய்யாகிவிடுகிறது. "14ஆம் தேதி இரவு 12 மணி முதல்" என்பதும் ஆபத்து, புதன் முடிகிற நள்ளிரவா, தொடங்குகிற நள்ளிரவா என்று கேட்பார்கள். தேதி, கிழமை, காலை அல்லது மாலை, மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். நான் போட்டது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டுத் தண்ணீர் வால்வை மூடிவிட்டுச் செல்லவும் (மாடிப்படி அருகே டக்ட் கதவுக்குள், வீட்டு எண் எழுதியிருக்கும்). தண்ணீர் திறக்கும் நேரம்: ஜனவரி 14 புதன், காலை 5 முதல் 11, மாலை 4 முதல் 9. 15 வியாழன், காலை 4 முதல் 10, மாலை 5 முதல் 9. 16 வெள்ளி, 17 சனி, காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 8. 18 ஞாயிறு, காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 10. 19 திங்கள் முதல் வழக்கமான நேரம். இந்த நேரங்களுக்குச் சங்கம் பொறுப்பு. குப்பை: 15 வியாழன் நம் பணியாளர்களுக்கு விடுமுறை, மாடிக்கு வர மாட்டார்கள், ஈரக் குப்பையை நீங்களே காலை 9 மணிக்குள் கீழே பச்சைத் தொட்டியில் போடவும். மாநகராட்சி வண்டி 15 முதல் 18 வரை காலை 9.30க்கு மேல் எதிர்பார்க்கிறோம், 15 வியாழன் வராமலும் இருக்கலாம். இது மாநகராட்சியைப் பொறுத்தது. உலர்ந்த குப்பையை 19 திங்கள் காலை வரை வீட்டிலேயே வைத்திருக்கவும். டயப்பர், நாப்கின் தினமும் தனியாகச் சுற்றிக் கொடுக்கலாம். லாரித் தண்ணீர் தேவையா என்பது 16 வெள்ளி இரவு தெரியும், அப்போது குழுவில் தகவல் வரும்."

"இதற்குச் சங்கம் பொறுப்பு", "இது மாநகராட்சியைப் பொறுத்தது" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன் பாருங்கள், உங்கள் தீபாவளிச் சண்டைக்கு மருந்து அதுதான். வண்டி வராத அன்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை, 1913க்குப் போன் செய்தார்கள். லைன் தண்ணீருக்கு மெட்ரோ வாட்டரின் 1916. இரண்டு எண்ணையும் தாளின் அடியில் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது, பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் அரை மணி நேரத்தில் புதைந்துவிடும். லிஃப்ட் கதவில் ஒன்று, குப்பைத் தொட்டிக்கு மேலே குப்பை பற்றிய வரிகள் மட்டும் இன்னொன்று. பாதி வீட்டில் குப்பையைக் கீழே கொண்டுவருவது வீட்டு வேலை செய்கிற அக்காதான், அவர் உங்கள் குழுவில் இல்லை. ஒரு வாரம் முன்பு, அதாவது 7 புதன் அன்றே ஒட்டிவிடுங்கள், 10 சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. மூன்றாவது தாள் வாட்ச்மேனுக்கு. வழக்கமான வாட்ச்மேனும் பொங்கலுக்கு ஊருக்குப் போவார், பதிலுக்கு வருபவருக்கு எந்த வால்வு எந்தப் பக்கத்து வீடுகளுக்கு என்று தெரியாது. ஒரு வருடம் பதில் ஆள் நாலு மணிக்குச் சரியாக எழுந்து தோட்டத்துக் குழாய் வால்வைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார், செடிகளுக்குத்தான் பொங்கல். வால்வுகளுக்குச் சிவப்பு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, தாளிலும் அதே நிறத்தில் எழுதி, புதன் மாலை அவரையே ஒருமுறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள்.

இதெல்லாம் மாடித் தொட்டி வால்வை நேரம் வைத்துத் திறக்கிற, லாரியை நம்புகிற கட்டிடத்துக்குத்தான். சில நாளுக்கு ஒருமுறை மட்டும் குழாய்த் தண்ணீர் வருகிற ஊரில் இருக்கிறீர்கள் என்றால் தண்ணீர்க் கணக்கை முறை நாளிலிருந்து தொடங்க வேண்டும், குப்பைப் பகுதி மட்டும் அப்படியே பொருந்தும்.

திங்கள் 19 காலை மூன்று தாளையும் நீங்களே கிழித்துவிடுங்கள். நான் ஒரு வருடம் மறந்துவிட்டேன், ஜனவரி 26 அன்று இரண்டாவது மாடிப் பெரியவர் லிஃப்ட் கதவைப் பார்த்துவிட்டு, பணியாளர்களுக்கு இன்றும் விடுமுறை போலிருக்கிறது என்று குப்பை வாளியோடு நாலு மாடி வீட்டுக்கும் பெல் அடித்து எல்லோரையும் கீழே இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.